கிணற்றில் கயிறு விட்ட சனிக்கிழமைகள்

பள்ளிக்கூடம் திறந்து, சாரல் விழத் தொடங்கியிருந்தது. மேலகரத்தில் எங்கள் வீட்டு முற்றமெல்லாம் பாசி. ஐந்தாம் வகுப்பில் இருந்த என் மகள் நனைந்துகொண்டே வந்து, ஒரு தாளை என்னிடம் நீட்டினாள். டீச்சர் கரும்பலகையில் எழுதிப்போட, பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டு வந்தது. அடியில் டீச்சரின் கையெழுத்து இருந்தது. நானும் அஞ்சாவதோடு நின்றவள்தான். எழுத்துக் கூட்டி மெதுவாக வாசித்தேன்.

'பெற்றோருக்கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு செயல்திட்டம் கொடுத்திருக்கிறேன். தலைப்பைக் குலுக்கிப்போட்டு எடுக்கவில்லை. யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று வகுப்பில் கேட்டு, தினமும் கண்ணில் படுவதையே கொடுத்தேன். கடையில் எதுவும் வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியோ வரைந்தோ கொடுக்க வேண்டாம். பிள்ளை கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். கிணறு, ஆறு என்றால் பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். தலைப்பு தோதுப்படாவிட்டால் வெள்ளிக்கிழமைக்குள் வந்து சொல்லுங்கள், மாற்றித் தருகிறேன். பிள்ளையை ஏச வேண்டாம்.'

அதற்குக் கீழே அவள் தலைப்பு: எங்கள் வீட்டுக் கிணறு. சாரல் காலம் முடியும்வரை வாராவாரம் தண்ணீரை அளந்து எழுத வேண்டும்.

"கிணறு உள்ளவங்க கை தூக்குங்கன்னாங்கம்மா. நான் தூக்கிட்டேன்."

கிணறு இருந்தது. ஆனால் அதன்மேல் பனஞ்சட்டங்களை அடுக்கி மூடியிருந்தார்கள். நான் வாழ்க்கைப்பட்டு வரும் முன்பே மூடியது. என் வீட்டுக்காரரின் தங்கை தண்ணீர் இறைக்கும்போது தவறி விழுந்துவிட்டாளாம். அவள் உடலை எடுத்தார்கள், குடத்தை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் சொல்லித்தான் எனக்கு இவ்வளவும் தெரியும். வீட்டில் அவள் பேச்சையே எடுக்க மாட்டார்கள். நாங்கள் தெருக்கிணற்றில்தான் தண்ணீர் எடுத்தோம். விளக்கு வைக்கிற நேரத்தில் அந்தச் சட்டங்களைத் தாண்டிப் போவதென்றால் எனக்கு முதுகு சில்லிடும்.

சாப்பிட உட்கார்ந்த வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"டீச்சர்ட்ட போயி மாத்தச் சொல்லு."

"நானா? நீங்க போகக் கூடாதா?"

"கடையப் பூட்டிட்டுப் போகவாட்டி சொல்லுத?"

மகள் விடவில்லை. "மாத்துனா எறும்புதாம்மா குடுப்பாங்க. ஏற்கனவே நாலு பேரு எறும்பு. நான் எறும்பு பார்க்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட வாசல்வரை போனேன். உள்ளே டீச்சர் பாடம் நடத்தும் குரல் கேட்டது. இன்னொருத்தர் முகத்துக்கு நேரே பேச எனக்கு என்றைக்குமே வந்ததில்லை. அதிலும், கிணற்றை ஏன் திறக்க மாட்டோம் என்று எந்த வாயால் சொல்ல? குடையை மடக்காமலே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

மாற்றச் சொல்ல ஆள் இல்லையென்றால் திறக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை வெறுந்தாளோடு எழுந்து நிற்பாள்.

சனிக்கிழமை அவர் கடைக்குப் போன பிறகு, இரண்டு சட்டங்களை நகர்த்தினேன். உள்ளேயிருந்து ஒரு குளிர் வந்து முகத்தில் அடித்தது, யாரோ மூச்சு விட்டதுபோல. மகளின் இடுப்பில் என் முந்தானையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டி இறக்கினாள். அடியைத் தொட்டதும் இழுத்து, நனைந்த முடிச்சுகளை எண்ண வேண்டும்.

கல் அடியைத் தொட்டது. டங்கென்று ஒரு சத்தம்.

"எம்மா, உள்ள என்னது?"

தெரிந்ததைச் சொல்லுங்கள் என்று டீச்சர் எழுதியிருந்தார். நான் முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"அது ஒங்க அத்தை கொடம்."

குரல் பின்னாலிருந்து வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர் செருப்போடு நின்றார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கிணற்றையே பார்த்தார்.

"இன்னொருக்க விடுட்டி."

மகள் விட்டாள். மறுபடியும் டங். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்பா, இங்கன விட்டா அளவு தப்புதுப்பா. கல்லு கொடத்துக்கு மேலயே நின்னுருது. அங்கன விடணும்" என்றாள் அவள். அத்தையையும் அறியாள், பயத்தையும் அறியாள்.

அவர் கயிற்றை வாங்கினார். கிணற்றுச் சுவரைச் சுற்றி அந்தப் பக்கம் போய் இறக்கினார். இந்த முறை சத்தமில்லை. கல் சேற்றில் போய் அமுங்கியது. நனைந்த முடிச்சுகளை மகள் எண்ணினாள்.

அதற்கப்புறம் சனிக்கிழமைதோறும் கயிறு விடுவது அவர்தான். அத்தை எப்படி இருப்பாள் என்று மகள் கேட்பாள். அவர் ஒன்றிரண்டு சொல்வார். சில கேள்விக்கு, "தெரியலட்டி, மறந்துபோச்சு" என்பார். எனக்குச் சொல்லாததையெல்லாம் அந்தக் கிணற்றடியில்தான் கேட்டேன்.

சாரல் முடிந்து தாளைக் கொடுக்கும்போது மகள் அடியில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'கிணற்றுக்குள் எங்கள் அத்தையின் பித்தளைக் குடம் இருக்கிறது. அதைத் தொடாமல் அளந்தோம்.' டீச்சர் அந்த வரியை அடிக்கவுமில்லை, எதுவும் கேட்கவுமில்லையாம்.

சட்டங்களைத் திரும்பப் போடவில்லை. அந்தத் தண்ணீரைத்தான் குடித்தோம். ஆனால் வாளியை அந்தக் குடம் கிடக்கிற பக்கம் இதுவரை நான் விட்டதில்லை. தப்பித்தவறி அங்கே இறங்கிவிட்டால், அடியைத் தொடுமுன் கயிற்றை வெடுக்கென்று இழுத்துக்கொள்வேன்.