வெள்ளையாய் இருந்த ஊர்

வானிலை அலுவலகத்தில் வரைபடம் தயாரிப்பது அவள் வேலை. அன்றைய வெப்பப் படத்தில் மலையூர் சிவப்பாகவும், அப்பா சாலைக்குத் தார் போடும் ஊர் வெள்ளையாகவும் வந்தன. தொழிலாளர் அதிகாரி சிவப்பு ஊர்களில் மட்டும் மதிய வேலையை நிறுத்தினார்.

அவள் போனில் அவரிடம் படித்துப் படித்துச் சொன்னாள். "சார், மலையூர்ல இருபத்தேழு டிகிரிதான். இந்தத் தேதியோட முப்பது வருஷ சராசரி இருபத்திரண்டு. அஞ்சு கூடினதால சிவப்பு. எங்க அப்பா இருக்கிற ஊர்ல நாற்பத்திரண்டு. சராசரியும் அதேதான், அதனால வெள்ளை. அது வித்தியாசத்தைக் காட்டுற படம் சார், வெயிலை இல்ல."

"வருஷாவருஷம் அதே வெயில்தானேம்மா? பழகியிருப்பாங்க. உத்தரவு போயாச்சு."

மூன்று மணிக்கு அப்பா தாரின் ஓரத்தில் சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரி போகும்வரை உயிர் தங்கவில்லை.

"சம்பவ நாளில் வெப்பம் இயல்பு அளவே" என்றது அதிகாரியின் அறிக்கை. அதில் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு ஆறவில்லை.