சூடம் காட்டிய பெட்டி

ஒன்லைன் வகுப்புக்காக இணையக் கடையில் வாங்கிய லெப்டொப் எங்கள் தோட்டத்து லய வீட்டுக்கு வந்தபோதே திரை வெடித்திருந்தது. மாற்றித் தராவிட்டால் என் வகுப்பு போச்சு! நல்லவேளை, முகவரிச் சீட்டு, பிரிக்காத டேப், பிரித்ததும் தெரிந்த வெடிப்பு எல்லாம் ஒரே வீடியோவில் இருந்தன. அதை இணைத்துக் கடைக்கு முறைப்பாடு எழுதினேன்.

"வீடியோவில் பெட்டிக்கு நெருப்புக் காட்டியிருக்கிறீர்கள். சூட்டில் வெடித்திருக்கலாம்" என்று பதில் வந்தது.

"சூடந்தானே காட்டுனேன்! சாமிக்குந்தான் காட்டுறோம், வெடிச்சா போச்சு?" என்றார் அம்மா.

எனக்குப் பளிச்சென்று தோன்றியது. "நெருப்புக்குப் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் டேப்கூட உருகவில்லை. உள்ளேயிருந்த திரை எப்படி வெடிக்கும்? வீடியோவைப் பாருங்கள்" என்று எழுதினேன்.

மாற்றித் தந்தார்கள்! புதுப் பெட்டி வந்ததும் அம்மா சூடத் தட்டோடு ஓடி வந்தார்.

"தள்ளி நின்னே காட்டுறேன். நீ மொதல்ல வீடியோவப் போடு!"