வெட்டிய குழியும் வாங்கிய நாளும்

ஓய்வு பெற்ற தணிக்கையாளரை இரண்டு காரியங்களுக்குக் கூப்பிடுவார்கள். ஒன்று குடியிருப்போர் சங்கத்தின் கணக்கு, இன்னொன்று ஏதாவது கம்பெனியின் இயக்குநர் குழு. அபிராமபுரத்தில் முதலாவதைப் பார்த்துக்கொண்டே ஆழ்வார்பேட்டையில் இரண்டாவதற்கும் போனேன். நாகரிகம் இரண்டாவதில் சற்று அதிகம். காபியும்.

அது சுண்ணாம்புக்கல் வெட்டும் கம்பெனி. அந்த ஆண்டு, வேறொருவர் பாதி வெட்டியிருந்த சுரங்கத்தைக் குத்தகையோடு விலைக்கு வாங்கினார்கள். வெட்டி முடித்த பின் குழியின் சரிவைச் சீராக்கி, மண் பரப்பி, மரம் நட வேண்டும் என்பது குத்தகையின் நிபந்தனை. நிதிப் பொறுப்பாளரான பெண்மணி, அந்தச் செலவின் இன்றைய மதிப்பை வாங்கிய தேதியிலேயே கணக்கில் பொறுப்பாக, அதாவது கம்பெனி பின்னால் தீர்க்க வேண்டிய கடனாக, காட்டியிருந்தார். நிர்வாக இயக்குநர் அதை எடுக்கச் சொன்னார். எடுக்காவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பதாகவும் சொன்னார்.

கூட்டத்துக்கு முன் அந்தப் பெண்மணி என்னிடம் வந்தார்.

"நான் எடுக்கப் போறதில்லை சார். வேலை போனா போகட்டும். நீங்க என்ன செய்யப் போறீங்க?"

"அதை எடுத்தா நானும் கணக்குல கையெழுத்துப் போட மாட்டேன். எனக்குப் போறதுக்கு வேலை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்."

கூட்டத்தில் நிர்வாக இயக்குநர் ஆரம்பித்தார். "மூடுறது இன்னும் எத்தனையோ வருஷம் கழிச்சு. அன்னிக்குப் பார்த்துக்கலாமே சார். இப்ப எழுதினா லாபம் போயிடும்."

"இன்னிக்கு லாபத்துல ஒரு பைசா குறையாது. ஒரு பக்கம் பொறுப்பு, மறுபக்கம் அதே தொகை சுரங்கத்தோட அடக்க விலையில சேரும். அப்புறம் வருஷா வருஷம் தேய்மானமாவும், மூடுற நாள் நெருங்க நெருங்கப் பொறுப்பு வளர்றதுக்கான வட்டிச் செலவாவும் வரும். கல்லு வித்து சம்பாதிக்கிற வருஷங்கள்தானே அதைச் சுமக்கணும்?"

"நாங்க இன்னும் கடப்பாரையே வைக்கலை."

"நீங்க வெட்டப் போறதுக்கு யாரும் எழுதச் சொல்லலை. அது வெட்ட வெட்ட சேரும். இது ஏற்கெனவே கிடக்கிற குழி."

"அப்ப வித்தவன் மூடட்டும்."

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "விலை பேசினது யாரு?"

"நான்தான்." அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேரத்தைப் பற்றிக் கேட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. "அவன் கேட்டதுல நல்லாவே இறக்கினேன். 'இவ்வளவு பெரிய குழியை நாங்கதானே மூடணும்'னு ஒரே பிடி..."

அங்கே நின்றுவிட்டார்.

"குழிக்காகத் தள்ளுபடி வாங்கியாச்சு," என்றேன். "அந்தக் குறைஞ்ச விலையை மட்டும் எழுதினா, சுரங்கம் சல்லிசா கிடைச்ச மாதிரி தெரியும். கிடைக்கலை."

அவர் மேஜையைப் பார்த்தார். உண்மையான காரணம் அப்போதுதான் வந்தது. "கடன் விகிதம் ஏறிடும். பேங்க்ல கேப்பாங்க."

"கேக்கட்டும். கேக்கிறவங்களுக்குச் சொல்லத்தானே கணக்கு?"

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு நிதிப் பொறுப்பாளரிடம் திரும்பினார்.

"அப்படியே இருக்கட்டும்மா. பேங்குக்கு என்ன சொல்றதுன்னு நீங்களே எழுதிக் கொடுங்க."

"நேத்தே எழுதிட்டேன் சார்," என்றார் அவர்.