வரி சரியாகத்தான் இருந்தது

எங்கள் ஆய்வகத்து கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் சந்தேகம். பூட்டிய கதவை இன்னொரு தடவை இழுத்துப் பார்க்காமல் வீட்டுக்குப் போகமாட்டார். அப்படிப்பட்ட மனுஷன் ஒரே ஒரு தடவை, புதுசு என்பதற்காக ஒரு டிஸ்கை நம்பித் தொலைத்தார்.

அவருடைய மச்சினி எங்களிடம்தான் ஆராய்ச்சி செய்கிறாள். ஆற்றுத் தண்ணீரை வருஷக்கணக்காக அளந்து சேர்த்ததெல்லாம் சர்வரில் இருந்தது. அடுத்த வாரம் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். பழைய டிஸ்க் வேறொருவருக்கு வேண்டுமென்று பேராசிரியர் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நின்றார். சந்தேகம் எல்லாவற்றையும் புது டிஸ்குக்கு மாற்றி, சரிபார்த்து, சர்வர் கிளம்பும்போது எந்தெந்த டிஸ்கைத் தேட வேண்டும் என்று சொல்லும் மவுண்ட் ஃபைலில் அதன் அடையாள எண்ணோடு ஒரு வரி எழுதினார். வேறு நகல் வைக்காமல் பழையதைத் துடைத்துக் கொடுத்துவிட்டார். அன்றே அது வேறு யாருடைய படங்களாலோ நிரம்பியது.

மறுநாள் கரண்ட் போய் வந்தது. சர்வர் புது டிஸ்குக்காக ஒன்றரை நிமிஷம் காத்திருந்துவிட்டு, முழுதாகக் கிளம்பாமல் எமர்ஜென்சி மோடில் போய் நின்றது. கறுப்புத் திரையில் ரூட் பாஸ்வேர்டைக் கேட்டது.

"அந்த வரியில நோஃபெயில்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா, டிஸ்க் இல்லாட்டியும் கிளம்பியிருக்குமே சார்" என்றேன்.

"கிளம்பும். அப்புறம் வெறும் ஃபோல்டர்ல எழுதிட்டு இருக்கும், ஒருத்தருக்கும் தெரியாது. டிஸ்க் இல்லன்னா நிக்கட்டும்."

பாஸ்வேர்டைப் போட்டு ஃபைலைத் திறந்தார். மச்சினி பின்னால் வந்து நின்றாள்.

"என்ன மாமா, கை தவறி ஏதாச்சும் அடிச்சிட்டீங்களா?"

"அப்படித்தான் இருக்கணும்மா. அப்படியே இருக்கட்டும்."

எழுத்துப் பிழையென்றால் திருத்திவிடலாம், டிஸ்கே போயிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. தன் தப்பு வெளியே வரவேண்டுமென்று ஒரு மனுஷன் இப்படி ஏங்கி நான் பார்த்ததில்லை. டிஸ்கின் டப்பாவில் எழுதி ஒட்டியிருந்த எண்ணோடு திரையை ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டார். ஒன்றுகூட மாறவில்லை. சர்வரிடம் டிஸ்குகளின் பட்டியலைக் கேட்டார். பழக்கமானவை வந்தன, புதியது வரவில்லை. கேபிளை மாற்றினார். வேறு மெஷினில் செருகினார். உள்ளிருந்து டிக் டிக்கென்று சத்தம் மட்டும் கேட்டது. செத்துப்போன டிஸ்க் போடும் சத்தம் அது.

அவள் அதற்குள் டீ வாங்கப் போயிருந்தாள். அவர் அந்த வரியை சர்வர் படிக்காமல் தாண்டிப்போக, அதற்கு முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டு ரீபூட் செய்தார். மற்றவர்களின் வேலையாவது நடக்கட்டும் என்று நினைத்திருப்பார். சர்வர் சமர்த்தாக எழுந்து லாகின் கேட்டது.

டீயோடு உள்ளே வந்தவள் திரையைப் பார்த்துத் துள்ளினாள். "வந்துடுச்சு! அக்காகிட்ட சொல்றேன், உங்க வீட்டுக்காரர் அடிச்ச ஒரு எழுத்துல என் உயிரே போச்சுன்னு."

உட்கார்ந்து தன் ஃபோல்டரைத் திறந்தாள். காலியாக இருந்தது. மறுபடி திறந்தாள்.

"எங்க தப்பு அடிச்சிருந்தீங்க மாமா?"

"தப்பே அடிக்கலம்மா" என்றார்.