அரை மில்லிமீற்றர்த் தையல்

உரும்பிராயில், பிளாஸ்டிக் சாமான்களுக்கு உருக்கு அச்சு வெட்டும் நாகலிங்கத்தின் பட்டறையில் ஒன்பது வருடமாகச் சுபாஸ்கரனைக் கேட்காமல் ஒரு உருக்குக் கட்டிகூட வெட்டுப்பட்டதில்லை. பிளாஸ்டிக் வாளியோ, குழாய் மூட்டோ, எதற்கும் கணினியில் அச்சு வரைபவர் அவர் ஒருவர்தான். அப்படி இருந்தவருக்கு, சோனகத் தெருவிலிருந்து பஸ் ஏறி வரும் றிஸ்வியா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை.

“என்ன அண்ணை, பிள்ளைக்குப் புதுக் கொம்பியூட்டராம். உங்கடையை உதயன் பேப்பரிலை சுத்தி வித்திடுவமோ?” என்று மெசின் ஓட்டுகிற டினேஸ் சீண்டினான்.

“உன்ரை வேலையைப் பார்.”

செவ்வாய்க்கிழமை ஒரு புதுக் கம்பனியின் கோப்பு வந்தது. தோட்டங்களுக்குப் பூச்சிமருந்தடிக்க முதுகில் சுமக்கும் தாங்கியின் மூடி. திறந்ததும் கணினி முறையிட்டது: நூற்றெண்பத்தேழு மேற்பரப்புகள், எல்லாம் திறந்த ஓடுகள், திண்மம் ஒன்றும் இல்லை. கண்ணுக்கு முழு மூடிதான். ஆனால் ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டைத் தொடாமல், மயிரிழை இடைவெளியோடு நின்றது. நீர் புகாதபடி தைத்து ஒரே திண்மமாக்காவிட்டால், அதை உருக்குக் கட்டியிலிருந்து கழித்து அச்சுக் குழி எடுக்க முடியாது.

நாகலிங்கம் இருவரையும் கூப்பிட்டார். “ரெண்டு பேரும் பாருங்கோ. நாளைக்குப் பின்னேரம் உருக்கு வெட்ட வேணும். ஆரின்ரை மொடல் வெட்டுப்படுதோ, அந்தக் கம்பனியின்ரை வேலை முழுக்க அவையின்ரை கையிலைதான்.”

எவ்வளவு இடைவெளி வரை ஒட்டலாம் என்று கணினிக்குச் சொல்லும் தைக்கும் அளவைச் சுபாஸ்கரன் முதலில் 0.02 மில்லிமீற்றர் என்று வைத்தார். பெரும்பகுதி ஒட்டியது, ஆறு விளிம்புகள் மட்டும் ஒட்டாமல் சிவப்பாக நின்றன. ஒவ்வொன்றாகப் பெருப்பித்துப் பார்ப்பதுதான் அவரது வழக்கம். ஆனால் எதிர் மேசையில் அவள் ஏதோ முணுமுணுத்தபடி மவுஸை விறுவிறென்று அழுத்திக்கொண்டிருந்தாள். அவருக்குப் பொறுக்கவில்லை. 0.1 வைத்தார். மூன்று சிவப்பு. 0.5 வைத்தார். சிவப்பு எல்லாம் மறைந்தது. ஒரு திண்மம், திறந்த விளிம்பு இல்லை.

“முடிஞ்சுது ஐயா!” என்றார், அவளுக்கும் கேட்கும்படி.

அவள் அடுத்த நாள் பதினொரு மணிக்குத்தான் முடித்தாள். நாகலிங்கம் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “சுபாஸ்கரன்ரை மெசினுக்குப் போயிட்டுது பிள்ளை. அடுத்த முறை பாப்பம்.”

“சரி ஐயா,” என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவரை அரித்தது. ஒரு நாள் முழுக்க இவள் என்னத்தைக் கிழித்தாள்? பிழை ஒன்று பிடித்துவிட்டால் நிம்மதி. எல்லோரும் சாப்பிடப் போன நேரம், பொது வன்தட்டிலிருந்து அவளுடைய மூடியை எடுத்துத் தன்னுடையதோடு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவே வெட்டிப் பார்த்தார்.

பிழை இருந்தது. உள் விளிம்பில், அவருடையதில் ஒரு சரிவுக்கோடு மட்டும். அவளுடையதில் அதே இடத்தில் குட்டிப் படி ஒன்று, 0.3 மில்லிமீற்றர் அகலம், 0.3 உயரம். “இல்லாத படியை ஏன் வைச்சாள்?” பூரித்துப்போய் கம்பனி அனுப்பிய வரைபடத்தைப் புரட்டினார்.

படி அங்கே இருந்தது. இறப்பர் வளையம் உட்காரும் இடம்.

அரை மில்லிமீற்றர் இடைவெளியைத் தை என்று சொன்னால், அதைவிடச் சின்னப் படியும் இடைவெளிதான். கணினி இரண்டு சுவர்களையும் இழுத்து ஒட்டி, படியை விழுங்கிவிட்டது. வளையம் இருக்காது, மூடி ஒழுகும், மருந்து தோட்டக்காரனின் முதுகில் வடியும். இணுவிலில் அவருடைய மாமாவும் அப்படியொரு தாங்கியைத்தான் சுமக்கிறார்.

சொல்லாவிட்டால் இன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. சொன்னால் வேலை அவளுக்கு. வரைபடத்தை மூடினார், திரும்பத் திறந்தார். பின்னால் கொட்டகையில், சாப்பிட்டுத் திரும்பிய டினேஸ் உருக்கை இறுக்கும் சத்தம் கேட்டது.

எழும்பி ஓடினார். “டினேஸ், நிப்பாட்டு! என்ரையை அழி. அந்தப் பிள்ளையின்ரையைப் போடு.”

“அண்ணைக்கு வெயில் பட்டிட்டுதோ?”

சாப்பாட்டுப் பார்சலோடு வந்த நாகலிங்கம், “ஏன்?” என்றார்.

“அவசரத்திலை அளவைக் கூட்டிப்போட்டன் ஐயா. வளையம் இருக்கிற படி அழிஞ்சுபோச்சு.”

நாகலிங்கம் அவரைப் பார்த்தார், திரும்பி, பின்னால் வந்து நின்ற றிஸ்வியாவைப் பார்த்தார். “அப்ப இந்தக் கம்பனி வேலை பிள்ளைக்கு.”

அவள் மெதுவாகச் சொன்னாள்: “ரெண்டு பேருமாச் செய்வம் அண்ணை. உங்களுக்கு உருக்கைப் பற்றித் தெரிஞ்ச மாதிரி எனக்குத் தெரியாது.”

அந்த நல்ல மனம்தான் கூடுதலாகச் சுட்டது. வஞ்சகம் பேசியிருந்தால் அவருக்கு எவ்வளவு ஆறுதல்! மெசின் கத்தி உருக்கில் இறங்கியது, அவளுடைய மூடிக்காக. அதைப் பார்க்க விரும்பாமல் அவர் அவளுடைய மேசைப் பக்கம் திரும்பினார்.

“அந்த ஆறு சிவப்பு விளிம்பையும் என்ன செய்தனீர்?” என்றார், அவள் முகத்தைப் பாராமல்.

“ரெண்டிலை ஒரே மேற்பரப்பு இரட்டிச்சுக் கிடந்தது, ஒண்டை அழிச்சன். மிச்சம் வெட்டுக்கோடு பிசகு. மேற்பரப்பை நீட்டி, பக்கத்து விளிம்பிலை திரும்ப வெட்டினன். பிறகு 0.02இலேயே தைபட்டுது.”

அதையெல்லாம் அவர் அறிவார். ஒன்பது வருடமாக அப்படித்தான் செய்துவந்தார், நேற்று வரை.

“ம்,” என்றார். “கதிரையைக் கொஞ்சம் அரக்கும். எனக்கும் ஸ்கிறீன் தெரியவேணும்.”