வெள்ளிக்கிழமை சேராத கடிதம்

ஒப்பந்தம் ஒன்று மேஜைக்கு வந்தால் எல்லோரும் முதல் பக்கத்தைப் படிப்பார்கள். நான் கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஆரம்பிப்பேன். அறிவிப்புகள் என்ற பிரிவு அங்கேதான் ஒளிந்திருக்கும். எந்த முகவரிக்கு, எந்த வழியில் கடிதம் கொடுக்க வேண்டும், கொடுத்தால் அது எந்த நாளில் போய்ச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் என்பதெல்லாம் அதில் இருக்கும். யாரும் படிக்காத பக்கம் என்பதால் தப்பெல்லாம் அங்கே வந்து குடியிருக்கும். எழுத்தில் பத்து நாள் என்றும் பக்கத்திலேயே எண்ணில் பதினைந்து என்றும் இருக்கும். ஈமெயில் முகவரி எப்போதோ வேலையை விட்டுப் போனவருடையதாக இருக்கும். ரெஜிஸ்டர் தபாலில் மட்டுமே அனுப்ப வேண்டும் என்று இன்னமும் எழுதுகிறார்கள். அதை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள் என்பது தபால்காரருக்குத் தெரியும், வக்கீல்களுக்குத் தெரியவில்லை.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு இதுதான் உத்தியோகம். பென்சிலால் தப்பைச் சுழித்து, சரியென்றால் ஓரத்தில் டிக் போடுவேன். நான் டிக் போட்ட தாளை முதலாளி மறுபடி படிக்கமாட்டார். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன்.

அந்த வியாழக்கிழமை காலை பத்தரைக்கு, டீ இடைவேளையில், மாதனூர் யூனிட்டிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அங்கே எங்களுக்கு வாடகைக் கட்டிடத்தில் ஒரு தையல் பிரிவு இருக்கிறது. ஷூவின் மேல்பாகம் தைக்கும் நூற்றுச் சொச்சம் பெண்கள். அவர்களில் இவளை எனக்குத் தனியாகத் தெரியும். இவள் கணவர் பக்கவாதத்தில் படுத்தபோது இ.எஸ்.ஐ. படிவங்களை நான்தான் எழுதிக் கொடுத்தேன். யூனிட்டிலிருந்து இவள் வீடு ஐந்து நிமிட நடை. மதியம் பெல் அடித்ததும் ஓடிப்போய் அவருக்குச் சோறு ஊட்டி, திருப்பிப் படுக்க வைத்து, அடுத்த பெல்லுக்குள் மிஷினுக்கு வந்துவிடுவாள்.

"அக்கா, நேத்து ரெண்டு பேரு வந்து பில்டிங்க அளந்துட்டுப் போனாங்க. வேற கம்பெனிக்காரங்களாம். இன்னாக்கா, காலி பண்றோமா? ஆம்பூருக்கு பஸ்ல வான்னா நான் வேலைய வுட்டுட்டு வூட்லதான் குந்திக்கணும். அவர யாரு பாக்கறது?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, நான் பாத்துக்கிறேன்," என்று சொல்லிவிட்டு ஃபைலை எடுத்தேன்.

குத்தகை முடியப்போகிறது. இன்னும் மூன்று வருடம் நீட்டிக்கும் உரிமை எங்களுக்கு உண்டு. அதற்கான கடிதம், முடியும் நாளுக்குத் தொண்ணூறு நாள் முன்னதாகக் கட்டிடச் சொந்தக்காரரிடம் சேர்ந்திருக்க வேண்டும். சேராவிட்டால் உரிமை போயிற்று. அவர் யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் நிர்வாக மேலாளரைக் கூப்பிட்டு, அந்தக் கடிதம் போயிற்றா என்று கேட்டேன். சுறுசுறுப்பான மனிதர், ஆனால் எதையும் முழுதாகப் படிக்கமாட்டார்.

"போன மாசமே மெயில் போட்டாச்சு மேடம். வாட்ஸ்அப்லயும் அனுப்பினேன், ப்ளூ டிக் கூட வந்துச்சு."

"ப்ளூ டிக்க ஃப்ரேம் போட்டு மாட்டுங்க. மெயில் அன்றாட விஷயத்துக்கு மட்டும்தான்னு இதுல இருக்கு. குத்தகைய நீட்டிக்கிறதும் முடிக்கிறதும் நேர்ல இல்லன்னா தபால்ல. தபால்னா போட்டதுலேர்ந்து மூணாவது வேலை நாள்தான் சேர்ந்த கணக்கு."

"அப்ப நேர்லயே குடுத்துடலாம். நாளைக்கு வெள்ளிக்கிழமைதானே கடைசி நாள்? டைரியில எழுதி வெச்சிருக்கேன். காலையில வேலூருக்கு ஆள் அனுப்பறேன்."

நானும் எண்ணிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைதான். மனிதர் இந்த ஒரு தடவை சரியாக எண்ணியிருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனேன். அங்கே பென்சில் நின்றது.

மாலை ஐந்து மணிக்கு மேலோ, வேலை நாள் அல்லாத நாளிலோ கொடுத்தால், அடுத்த வேலை நாளில் சேர்ந்ததாகக் கொள்ளப்படும். வேலை நாள் என்றால் என்ன? வெள்ளிக்கிழமையும் அரசு விடுமுறையும் நீங்கலான நாட்கள்.

இது எப்படி வந்தது என்று வேறு ஊர்க்காரர்களுக்குப் புரியாது. எங்கள் முதலாளியின் குடும்பம் முதலில் தோல் பதனிட்ட குடும்பம். ஜும்மா தொழுகை நாள் என்பதால் அந்தப் பழைய டேனரிக்கு வாராந்திர விடுமுறை வெள்ளிதான். ஞாயிற்றுக்கிழமை வேலை நடக்கும். ஷூ கம்பெனி வந்த பிறகு இங்கே ஞாயிறு விடுமுறை ஆயிற்று. ஆனால் ஒப்பந்தங்களெல்லாம் டேனரிக் காலத்து மாதிரிப் படிவத்தைப் பார்த்தே தட்டப்பட்டன. அப்படி இந்தக் குத்தகைக்குள்ளும் வெள்ளிக்கிழமை வந்து உட்கார்ந்துகொண்டது. வெள்ளிக்கிழமை நாங்கள் எல்லோரும் மிஷின் முன்னால் இருப்போம். காகிதத்தில் மட்டும் விடுமுறை.

ஆக, வெள்ளி கொடுத்தால் சனிக்கிழமை சேர்ந்த கணக்கு. ஒரு நாள் தாமதம். இன்று ஐந்து மணிக்கு மேல் கொடுத்தாலும் அதே சனிக்கிழமைதான்.

அந்த வரிக்கு நேராக ஓரத்தில் பென்சில் டிக் ஒன்று இருந்தது. என் டிக். சின்ன வயதிலிருந்து வெள்ளிக்கிழமை விடுமுறையைப் பார்த்தே வளர்ந்தவள். அந்த வரி என் கண்ணில் உறுத்தவே இல்லை. ஊரார் தப்பையெல்லாம் சுழித்தவளுக்கு வெட்கமாக இருந்தது.

முதலாளிக்குப் போன் செய்து சொன்னேன். "தப்பு என்னுது சார். நான்தான் டிக் போட்டிருக்கேன்."

அவர் கம்பெனி வக்கீலைக் கேட்டுவிட்டுத் திரும்ப அழைத்தார். "கோர்ட்டுல வாதாடலாம்னு சொல்றாரும்மா. வாதாடி முடியறதுக்குள்ள அவன் பில்டிங்க வேற ஆளுக்கு விட்டுடுவான். நீங்க கிளம்புங்க."

கடிதம் இரண்டு பிரதி. முதலாளியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு காரில் ஏறும்போது பன்னிரண்டே கால். டிரைவர் பழக்கத்தில், "வேலூர்தானே மேடம்?" என்றார். சொந்தக்காரர் வேலூரில் மகன் வீட்டில் இருக்கிறார். குத்தகையின் முதல் பக்கத்திலும் வேலூர்தான். மேலாளர் தீபாவளி ஸ்வீட் அனுப்புவதும் அங்கேதான். ஆனால் அறிவிப்புப் பிரிவில் இருப்பது நெமிலி வீடு. மாதனூர் நிலம் மனைவி வழியில் வந்தது. சொந்தக்காரருக்குப் பிறந்த ஊர் நெமிலி.

"நெமிலி," என்றேன்.

"அய்யோ, பேஜாருதான்," என்று சொல்லிவிட்டு வண்டியை விரட்டினார் டிரைவர். சாப்பாட்டைப் பற்றி இருவருமே பேசவில்லை.

நெமிலி வீட்டு வாசலில் இறங்கியபோது மூன்றரை. நெல் அறுப்பு நேரம் என்பதால் அவரே அங்கே இருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு பெரிய சிரிப்பு.

"வாங்கம்மா, வாங்க. இவ்ளோ தூரம் வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல காபி சாப்பிடுங்க."

காபி வந்தது. மோர் வந்தது. அறுப்பு மிஷின் வாடகை ஜாஸ்தியானது, மழை கம்மியானது எல்லாம் வந்தது. நான் கடிதத்தை நீட்டும்போதெல்லாம் அவருக்கு உள்ளே ஏதாவது வேலை வந்தது. மணி நாலு இருபது. கடைசியில் என் கையில் உறையைப் பார்த்து, மிகவும் அன்பாகச் சொன்னார்.

"நல்ல காரியம்மா. நாளைக்கு வெள்ளிக்கிழமை, லட்சுமி வர்ற நாளு. நானே ஆம்பூருக்கு வந்து, மொதலாளி கையால வாங்கிக்கிறேன். நீங்க அலையவே வேணாம்."

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! வேறு ஆளாக இருந்தால் கும்பிட்டு விட்டு வந்திருப்பார். இவரும் அந்த வரியைப் படித்திருக்கிறார்.

கோபம் வந்தால் எனக்குக் குரல் தணிந்துவிடும். டிரைவரை உள்ளே கூப்பிட்டு நிறுத்தினேன். குத்தகையின் பிரதியைப் பிரித்து அந்தப் பிரிவை நிதானமாகப் படித்து, தமிழிலும் சொன்னேன்.

"நேர்ல குடுத்தா, இந்த முகவரியில குடுத்த நேரத்துலயே சேர்ந்த கணக்கு சார். வாங்க மாட்டேன்னா, இங்க வெச்சிட்டுப் போனாலும் சேர்ந்த கணக்கு. கையெழுத்து வேணும்னு எங்கயும் இல்ல. இப்ப மணி நாலு இருபத்தாறு. வெக்கட்டுமா, வாங்கிக்கிறீங்களா?"

உறையை டீப்பாயில் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். டிரைவர் போனில் படம் எடுத்தார். சொந்தக்காரர் உறையைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் இடத்தை விட்டு அசையவில்லை.

பிறகு மனிதர் சத்தமாகச் சிரித்துவிட்டார். "எங்க வக்கீல் அந்த வெள்ளிக்கிழமைக்குக் கீழ செவப்பு கோடு போட்டுக் குடுத்தாரும்மா. அதை நம்பி அந்தக் கம்பெனிக்காரன வரச் சொல்லிட்டேன். நீங்க பாக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"இன்னிக்குக் காலையிலதான் சார் பாத்தேன்," என்றேன். அதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் சொல்லத் தோன்றியது.

இரண்டாவது பிரதியில் கையெழுத்தும் தேதியும் போட்டார். நேரத்தையும் எழுதச் சொன்னேன். எழுதினார். கிளம்பும்போது ஒரு பை வேர்க்கடலை கொடுத்தார். வாங்கிக்கொண்டேன், அதில் என்ன மானம்.

மறுநாள் காலை முதல் வேலையாக மாதிரிப் படிவத்தில் இருந்த வெள்ளிக்கிழமையை அடித்து ஞாயிறு போட்டேன். அதே படிவத்தில் தட்டிய மற்ற ஒப்பந்தங்களையும் எடுத்து மேஜையில் அடுக்கச் சொன்னேன். பிறகு மதிய பெல் நேரத்துக்கு மாதனூர் போனேன். போன் செய்தவள் செருப்பைக் கூடச் சரியாக மாட்டாமல் வாசல் கேட்டுக்கு ஓடி வந்துகொண்டிருந்தாள். நானும் கூடவே நடந்தேன். அவளுக்கு நிற்க நேரமில்லை.

"பில்டிங் எங்கயும் போகல. இன்னும் மூணு வருஷம் இங்கதான். எழுதி வாங்கியாச்சு."

நடந்துகொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள். எண்ணெய்ப் பிசுக்கும் நூல் தூசியுமான கை. அவள் வீட்டு வாசலில்தான் விட்டாள். உள்ளே கட்டிலில் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். படுத்து இரண்டு வருடமாகிறது. இனி எழுந்து நடப்பது கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோது இவள் பக்கத்தில் நானும் நின்றிருந்தேன்.

"மூணு வருசம் போதும்க்கா," என்றாள், சோற்றைப் பிசைந்துகொண்டே. "அதுக்குள்ள அவரு எழுந்து நடந்துடுவாரு."

நான் தலையாட்டினேன்.