ஈதர் பாட்டில்களுக்குப் புதுத் தேதி ஒட்டியவர்

நவநீதகிருஷ்ணனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால், சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருப்பார் என்று சொல்வேன். அதற்கு மேல் எனக்கு வராது.

நாமக்கல்லில் கோழிப்பண்ணைக்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்துகிற தீவனப் பரிசோதனைக் கூடத்துக்கு அவர் மேலாளர். நான் அவருக்குக் கீழே கெமிஸ்ட். எனக்குக் கீழே சூரமங்கலத்திலிருந்து தினமும் வந்துபோகிற ஜோயா. நவநீதகிருஷ்ணனுக்கு மோகனூர்ப் பக்கம் கரும்பு விளைவிக்கிற நல்ல குடும்பம். எம்.எஸ்சி. முடித்து, பிஎச்.டி.க்குச் சேர்ந்து, பாதியில் விட்டுவிட்டு வந்தவர். பாதியில் விட்டதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் விசிட்டிங் கார்டில் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று பெரிதாகப் போட்டு, பக்கத்தில் எறும்பு மாதிரி ஓர் எழுத்தில் '(ப)' என்று வைத்திருந்தார். பதிவு செய்தவர் என்று அர்த்தமாம். பண்ணைக்காரர்களுக்கு அந்த எறும்பு கண்ணில் படவே இல்லை. எல்லாரும் "டாக்டருங்க" என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் தலையாட்டிக்கொள்வார்.

எங்களுக்கு முக்கிய வேலை, தீவனத்தில் கொழுப்பு எவ்வளவு என்று பார்ப்பது. தூளாக்கிய தீவனத்தை ஈதரால் மணிக்கணக்கில் கழுவினால் கொழுப்பு ஈதரில் கரைந்து வந்துவிடும். ஈதரை ஆவியாக்கிவிட்டு மிஞ்சுவதை எடை போட வேண்டும். அதனால் ஈதர் எங்களுக்குத் தண்ணீர் மாதிரி செலவாகும்.

ஈதரைத் தண்ணீர் மாதிரி நினைக்கக் கூடாது. மூடியைத் திறந்து காற்றுப் பட்டதிலிருந்து அது ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லப் பெராக்சைடாக மாறத் தொடங்கும். வெளிச்சம் பட்டால் இன்னும் வேகம். ஈதர் சட்டென்று ஆவியாகிவிடும், பெராக்சைடு ஆவியாகாது. ஈதர் குறையக் குறைய அடியில் அது மட்டும் கெட்டியாகச் சேரும். அதற்குப் பிறகு சூடோ உரசலோ ஒரு தட்டோ போதும், வெடிக்கும். இதைத் தாமதப்படுத்தக் கம்பெனிக்காரன் ஒரு மருந்தைக் கலந்து அனுப்புகிறான். ஈதரைக் காய்ச்சி வடித்தால் அந்த மருந்து அடியிலேயே நின்றுவிடும், வடித்த ஈதருக்குக் காவல் கிடையாது. புதுசைவிடச் சீக்கிரம் கெடும்.

எனவே ஒவ்வொரு பாட்டிலிலும் இரண்டு தேதி எழுதுவேன்: வந்த தேதி, திறந்த தேதி. திறந்ததை மூன்று மாதத்துக்கு ஒரு முறை சோதிப்பேன். ஆறு மாதமானால் மிச்சம் இருந்தாலும் கழிவுக்கு ஒதுக்கிவிடுவேன். வெள்ளை டேப்பில் பேனாவால் எழுதி ஒட்டுவதுதான் என் வழக்கம்.

அந்த டேப் அவருக்கு ஆகாது.

"என்ன தனப்பிரியா இது, மளிகைக் கடை டப்பா மாதிரி? லேப்னா ஒரு லுக் வேணுமல்ல?"

லுக் என்பது அவர் கண்டுபிடித்த ஒரே விஞ்ஞானம். வடித்தெடுத்த ஈதரை நிறமில்லாத கண்ணாடி பாட்டில்களில் ஊற்றி ஜன்னலோரம் வரிசையாக வைப்பார். வெயிலில் மினுமினுக்கும். வருகிறவர்களிடம், "ஒரு சொட்டு வீணாக்கறதில்லைங்க, எல்லாம் நம்ம ரெக்கவரி" என்று பெருமைப்படுவார். பழுப்பு பாட்டிலில் ஊற்றி இருட்டில் வையுங்கள் என்று நான் சொன்னதற்கு, "ஃப்ரிட்ஜ்ல வெச்சா எந்தப் பெராக்சைடும் வராது" என்று பதில் சொன்னார். குளிரில் மெதுவாக வரும், வராமல் இருக்காது. போதாததற்கு, அவர் சொன்ன ஃப்ரிட்ஜ் வீட்டில் பால் வைக்கிற ஃப்ரிட்ஜ். உள்ளே ஸ்விட்ச் பொறி விட்டால் ஈதர் ஆவி பற்றிக்கொள்ளும். நல்லவேளை, அதில் அவருடைய மோர் பாட்டில்களுக்கே இடம் போதவில்லை.

தரச்சான்றுக்காக வெளியூரிலிருந்து தணிக்கைக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும் மனிதர் புதுமாப்பிள்ளை ஆகிவிட்டார். சுவருக்குப் பெயின்ட், வாசலில் குரோட்டன்ஸ். நான் கெங்கவல்லியில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், ஸ்டோர் ரூமிலும் மேஜையிலும் இருந்த ஒரு பாட்டிலிலும் என் டேப் இல்லை. கம்பெனி லேபிளின் மேலேயே பளபளப்பான புது லேபிள். எல்லாவற்றிலும் அச்சடித்த ஒரே தேதி, போன வாரத்துத் தேதி.

ஜோயா என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "சார்தான் ஒட்டச் சொன்னாரு மேடம். பழசு புதுசுன்னு ஒண்ணும் தெரியக் கூடாதுன்னாரு."

நான் அவர் அறைக்குப் போனேன். "சார், எது எப்பத் தெறந்ததுன்னு இனி எப்படிங்க சார் கண்டுபிடிக்கறது?"

"எல்லாம் யூனிஃபார்மா இருக்குதல்ல? அதான் வேணும். ஆடிட் முடியட்டும், நீ மறுபடியும் உன் டேப்பை ஒட்டிக்க."

எந்தத் தேதியைப் பார்த்து ஒட்டுவது? அது அவர் மூளைக்கு எட்டவில்லை. எட்டியிருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டார்.

தணிக்கைக்காரர்கள் வந்தார்கள், லேபிள்களின் அழகைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார்கள், மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் கார் தெரு திரும்பியதும் நான் சோதிக்க உட்கார்ந்தேன்.

எப்போது திறந்தது என்று தெரியாத பாட்டிலின் மூடியில் கை வைக்கக் கூடாது. மூடியின் மரையில் பெராக்சைடு படிந்திருந்தால் திருகுகிற உரசலே போதும். அதனால் அன்றன்றைக்குத் திறந்து பயன்படுத்திவந்த ஜன்னலோர பாட்டிலை மட்டும் எடுத்தேன். சோதனைத் தாளை நனைத்து, ஈதர் உலர்ந்த பிறகு ஒரு துளி தண்ணீர் விட்டேன். டப்பாவில் அச்சடித்திருக்கிற கடைசி நீலத்தையும் தாண்டி, இங்க் கொட்டினது போலக் கறுத்தது.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"தாள் காலாவதி ஆயிருக்கும்" என்றார்.

ஒரு சோதனைக் குழாயில் அசெட்டிக் அமிலம் விட்டு, பொட்டாசியம் அயோடைடு கொஞ்சம் போட்டு, அதே அளவு ஈதரைச் சேர்த்து ஆட்டினேன். லேசான மஞ்சள் வந்தாலே யோசிக்க வேண்டும். இது பழுப்பாகவே ஆகிவிட்டது.

"இதைக் காய்ச்சவே கூடாதுங்க சார். தனியா வெச்சு, கழிவு எடுக்கறவங்கள வரச் சொல்லலாம்."

அவர் சிரித்தார். தெரியாத விஷயத்துக்கெல்லாம் சிரிப்பது அவர் வழக்கம். "அழுக்கு இருந்தா வடிச்சாச் சுத்தமாயிட்டுப் போகுது. ரிசர்ச்ல இதெல்லாம் நாங்க எத்தனை பாத்திருப்போம்!"

"அழுக்கு வடிஞ்சு வராதுங்க. அடியில சேரும். வெடிக்கும்."

"ஒரு சொட்டு மிச்சம் வெக்காம எடுத்துக் காட்டறேன், பாரு."

ஜன்னலோர பாட்டில்களையெல்லாம் ஒரே குடுவையில் கொட்டினார். சூடான தண்ணீர்த் தொட்டியில் குடுவையை இறக்கி, ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளுகிற கூண்டான ஃபியூம் ஹூடுக்குள் வைத்து, கண்ணாடிக் கதவை முழுக்கத் தூக்கிவிட்டுக்கொண்டார், வேடிக்கை தெரிய வேண்டுமாம். நான் கதவை இறக்கினேன். அவர் பாதி தூக்கினார். ஸ்விட்சை அணைக்கப் போன என் கையைத் தட்டிவிட்டு, "உன் வேலையைப் பாரு" என்றார். சரியென்று ஜோயாவை வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். வாசலருகே நின்று, கூடத்தின் தலைவர் மருதாசலம் ஐயாவுக்குப் போன் போட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் எடுக்கிற நேரத்தில் உள்ளே வெடித்தது.

பட்டாசு மாதிரி இல்லை. தகரக் கூரை மேல் லாரி விழுந்தது மாதிரி இருந்தது. புகைக்குள்ளிருந்து நவநீதகிருஷ்ணன் வந்தார். வந்தார் என்பது மரியாதை, ஓடிவந்தார். வாசலில் நின்ற ஜோயாவைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, ரோட்டைத் தாண்டி எதிர்ப் பக்கத்து டயர்க் கடையில் போய்த்தான் நின்றார். இரண்டு விரலைக் கண்ணாடி கிழித்து ரத்தம் கொட்டியது. பாதியாவது இறங்கியிருந்த அந்தக் கதவு முகத்தைக் காப்பாற்றியிருந்தது. ஹூடுக்குள் தீ எரிந்தது. நான் மெயினை அணைத்தேன், கீழே விழுந்த ஜோயா எழுந்து தீயணைப்பான் சிலிண்டரைத் தூக்கிவந்தாள். இரண்டு பேருமாக அணைத்தோம்.

மருதாசலம் ஐயா வந்து சேர்ந்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்து நவநீதகிருஷ்ணன் என்னோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். ஸ்டோர் ரூமில் இருக்கிற மிச்ச பாட்டில்களைப் பின்பக்கச் சாக்கடையில் ஊற்றிவிடச் சொன்னார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏனுங்க டாக்டர்" என்றார் மருதாசலம். "சாக்கடை எங்க ஊட்டு முன்னாடியுமல்ல வருது?"

போன் துண்டிக்கப்பட்டது.

ஸ்டோர் ரூமை நான் வாசலிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்ததோடு சரி. பின் வரிசையில் ஒரு பாட்டிலின் மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது. அதன் மேலும் அவருடைய பளபளப்பான லேபிள், போன வாரத் தேதியோடு. அந்த லேபிளை ஒட்ட ஜோயா அதைக் கையில் எடுத்திருக்கிறாள், துடைத்திருக்கிறாள்.

"அதை எடுத்து வெளிய வெச்சரலாமா சாமி?" என்று மருதாசலம் என்னைக் கேட்டார்.

"தொடவே கூடாதுங்க ஐயா. ஆளுகள வெளிய அனுப்பிட்டு, கதவைப் பூட்டிட்டு, தீயணைப்புக்கும் போலீசுக்கும் சொல்லணும்."

"வெடிகுண்டு மாதிரியா?"

"மாதிரியெல்லாம் இல்லைங்க. அதேதான்."

அவர் உடனே போனை எடுத்தார். சேலத்திலிருந்து வெடிகுண்டு நிபுணர்கள் வந்து தெருவைக் காலி பண்ணவைத்தார்கள். அந்தப் பாட்டிலையும், வயது தெரியாத மற்றவற்றையும் தங்கள் முறைப்படி எடுத்து, ஆளில்லாத ஒரு கல்குவாரியில் வைத்து வெடித்து அழித்தார்கள். கம்பெனி சீல் உடையாமல், இந்த வருஷம் வந்தது என்று உறுதியாகத் தெரிந்த பெட்டி ஒன்று மட்டும் தப்பியது. நான் சோதித்ததில் மிஞ்சிய கழிவை உரிமம் உள்ள கழிவு லாரி வந்து கொண்டுபோனது.

விசாரணையின்போது அவர் கட்டுப்போட்ட கையை மேஜை மேல் எல்லாரும் பார்க்கும்படி வைத்துக்கொண்டு, லேபிள் ஒட்டியது ஜோயா என்றார். தேதியைத் தப்பாக அடித்தது அவள்தானாம், அவருக்குத் தெரியவே தெரியாதாம். கல்யாண வயசுப் பெண், எதிர்த்துப் பேசமாட்டாள் என்று நினைத்திருப்பார்.

ஜோயா எழுந்து நின்றாள். "சார், 'பழசுன்னு தெரியக் கூடாது'ன்னு நீங்க சொன்னப்ப நான் ஏன்னு கேட்டேன். 'வாய மூடிட்டு ஒட்டு'ன்னீங்க. இவ்வளவு நாளும் மூடிட்டுத்தான் இருந்தேன்."

மருதாசலம் நவநீதகிருஷ்ணனின் பக்கமே திரும்பவில்லை. "நாளையிலிருந்து வர வேண்டாமுங்க" என்றார், ஜன்னலைப் பார்த்தபடி.

இப்போது அவர் கல்லூரி கல்லூரியாகப் போய் 'ஆய்வகப் பாதுகாப்பு' பற்றிப் பேசுகிறார். சேலத்தில் ஒரு கருத்தரங்கில் நானே பார்த்தேன். இரண்டு விரல் தழும்பையும் மேடையில் உயர்த்திக் காட்டி, ஒரு ஜூனியரின் அலட்சியத்தால் தனக்கு நேர்ந்த விபத்து என்றார். திறந்த தேதி எழுதுங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை சோதியுங்கள் என்றெல்லாம் சரியாகவே சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். டீ இடைவேளையில் என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்து, பிறகு சமாளித்துக்கொண்டு, "எப்படி, நல்லா பேசினேனா?" என்று கேட்டார்.

"சட்டை நல்லா இருக்குது சார்" என்றேன்.

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, காலரைச் சரிசெய்தபடி அடுத்த மேஜைக்குப் போனார்.